லாஃப்ட்டுக்குக் கீழே நிற்காத வார்ட்ரோப்

கேள்வி: வணக்கம் சார். கடலூர் செம்மண்டலத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். பிரித்து அட்டைப்பெட்டியில் அனுப்பி, வாங்குபவரே மாட்டிக்கொள்ளும் இரண்டு கதவு வார்ட்ரோப் ஒன்றை ஆன்லைனில் போட்டோம். ‘3 அடி அகலம், 6.5 அடி உயரம், 75 கிலோ, 45 நிமிடத்தில் எளிதாகப் பொருத்தலாம், எல்லா ஸ்க்ரூவும் உள்ளே இருக்கும்’ என்று விவரம் எழுதியிருக்கிறேன். 40 போனதில் 9 திரும்பி வந்துவிட்டன. அளவு சரியில்லை என்கிறார் ஒருவர், கனம் என்கிறார் ஒருவர், ஸ்க்ரூ குறைகிறது என்கிறார் இன்னொருவர். சரக்கில் குறை இல்லை சார். விவரத்தில் என்ன மாற்ற வேண்டும்? கட்டிங் லிஸ்ட்டும் படங்களும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் கட்டிங் லிஸ்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கக் கணக்குப் போட்டேன். சைடு பலகை 2030 மில்லிமீட்டர். 6.5 அடி என்றால் 1981 மில்லிமீட்டர்தான். 49 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, உங்கள் விவரத்தில் காணாமல் போயிருக்கிறது. வெட்டும்போது ஒரு மில்லி தவறினால் பையனைத் திட்டுவீர்கள். எழுதும்போது 49 மில்லியைச் சர்வ சாதாரணமாக விழுங்கிவிட்டீர்கள்.

அளவு சரியில்லை என்று திருப்பியவர்களுக்கு ஒரு போன் போட்டு, ‘வார்ட்ரோப் வைக்க நினைத்த இடத்துக்கு மேலே லாஃப்ட் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நம் பகுதி வீடுகளில் படுக்கையறையில் ஒரு சுவர் நீளத்துக்கும் கான்கிரீட் பரண் ஓடும். வார்ட்ரோப் போய் நிற்கும் இடமும் அதன் அடிதான். லிண்டல் மட்டத்தில் 7 அடி என்று சொல்லிக் கட்டியிருப்பார்கள், அது 2134 மில்லிமீட்டர். பிறகு பழைய தரைமேல் கலவை கொட்டி டைல்ஸ் ஒட்டியதில் ஐந்து சென்டிமீட்டர் போயிருக்கும், பரணின் அடிப்பூச்சில் ஒரு சென்டிமீட்டர். மிச்சம் 2070 சொச்சம். ‘7 அடி லாஃப்ட், 6.5 அடி வார்ட்ரோப், அரை அடி இடைவெளி’ என்று வாங்குபவர் நினைக்கிறார். உண்மையில் இருப்பது 40 மில்லிமீட்டர்.

40 மில்லி இருந்தால் போதுமே, நின்றுவிடுமே என்று கேட்பீர்கள். நிற்கும். நிறுத்தத்தான் முடியாது. உங்கள் டிசைனில் முதுகுப் பலகையை ஆணி அடித்து ஏற்ற வேண்டும், அதனால் கூட்டை முகம் குப்புறப் போட்டுத்தான் மாட்டியாக வேண்டும். மாட்டி முடித்தபின் தூக்கி நிறுத்தும்போது, கூட்டின் ஒரு மூலை தரையில் ஊன்றியிருக்க, எதிர் மூலை ஒரு வளைவில் மேலே ஏறி இறங்கும். அந்த வளைவின் உச்சம் உயரத்தைவிடப் பெரியது. உயரத்தையும் ஆழத்தையும் வைத்துப் பள்ளிக்கூடத்துக் கர்ணக் கணக்குத்தான்:

√(2030² + 503²) ≈ 2091 மி.மீ.

503 என்பது 500 மில்லி பலகையும் 3 மில்லி முதுகும் சேர்ந்தது. 2070 மில்லி இடத்தில் 2091 மில்லி சுழல முடியாது. மூன்று மணி நேரம் வேலை பார்த்து, வேர்த்து விறுவிறுத்து, கடைசியில் லாஃப்ட் விளிம்பில் மேல் மூலை மோதி லேமினேட் பெயர்ந்தால், அந்த வாடிக்கையாளர் ‘அளவு தவறு’ என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவார்?

லாஃப்ட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே தள்ளலாமே என்பீர்கள். தள்ளலாம். அறையில் அதற்கு இடம் இருந்தால். கட்டிலை நகர்த்த முடியாத 10-க்கு 10 அறையில் அது நடக்காது. நின்றபின் தள்ளும்போது அடிக்கட்டை டைல்ஸில் தட்டினால், பலகைகளைப் பூட்டும் மினிஃபிக்ஸ் பிடித்த இடத்தில் பலகை பிய்ந்துவிடும். பார்ட்டிகிள் போர்டு நேராக அழுத்தினால் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் தாங்காது. ஆகவே விவரத்தில் உயரம் என்ற இடத்தில் இரண்டு எண் வேண்டும். ஒன்று நிற்கும் உயரம், 2030. இன்னொன்று தூக்கி நிறுத்தத் தேவைப்படும் உயரம், 2091-உடன் ஒரு விரல் இடம் சேர்த்து 2110. கூடவே ஒரு வரி: ‘உங்கள் லாஃப்ட்டின் அடிவரை டேப் வைத்து அளந்து, 2110 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், லாஃப்ட்டுக்கு வெளியே நிறுத்தித் தள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.’ இந்த ஒரு வரியால் சில விற்பனை குறையும். குறையட்டும், திரும்பி வரும் சரக்கின் இருவழி வண்டிச் செலவு மிச்சம்.

ஆழத்திலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் போட்டிருப்பது பலகையின் 500. கதவு 18, கதவு மோதும் ரப்பர் 2, கைப்பிடி 30, முதுகு 3 எல்லாம் சேர்த்தால் 553. சுவரோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் கூட்டை இன்னும் ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளும். 447 மில்லி அகலக் கதவு திறக்க முன்னால் அந்த அளவு காலியிடமும் வேண்டும். கட்டில் விளிம்பில் கதவு இடிக்கிற வீடு எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

உள்ளளவை நீங்கள் எழுதவே இல்லை. வாங்குபவர் துணி வைப்பது உள்ளேதான். நடுப்பலகை போக ஒரு பக்கத்துக்கு 423 மில்லி அகலம், 500 ஆழம். ஹேங்கர் பொதுவாக 42 முதல் 45 சென்டிமீட்டர் இருக்கும், அந்த 500 ஆழத்தில் நேராகத் தொங்கும். கம்பியிலிருந்து அடிப்பலகைவரை சுமார் 1500 மில்லி. சட்டை, மடித்துப் போட்ட புடவை எல்லாம் தாராளமாகத் தொங்கும், நீள நைட்டி அடியில் முட்டலாம். இப்படியே எழுதுங்கள், பெண்கள் முதலில் தேடும் தகவல் இது. மேல்தட்டு 336 மில்லி உயரம், சின்ன சூட்கேஸ் ஒன்றைப் படுக்கப் போடலாம்.

அடிக் கணக்கைப் பற்றி ஒன்று. நம் ஊரில் அடியும் அங்குலமும்தான் புழக்கம், எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. ஆனால் விற்பனை விவரத்தில் சட்டப்படி செல்லுவது மெட்ரிக் அளவுதான். 2011-இல் வந்த பொட்டலப் பொருள் எடையளவு விதிகளின்படி, அளவு முக்கியமான பொருளுக்கு அளவைக் குறிப்பிட வேண்டும்; ஆன்லைனில் விற்றால் அந்த விவரங்கள் திரையிலும் தெரிய வேண்டும் என்பது 2018 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இன்னொன்று, 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள். விளம்பரத்தில் சொன்ன தன்மையோடு பொருள் ஒத்துப்போகவில்லை என்றால், சந்தைத் தளத்தில் விற்பவர் திரும்ப வாங்க மறுக்க முடியாது. 6.5 அடி என்று எழுதி 2030 அனுப்பியிருக்கிறீர்கள். அந்த வழக்கில் உங்கள் பக்கம் பேச ஒன்றுமில்லை.

இனி எடை. 75 கிலோ என்று எங்கிருந்து எடுத்தீர்கள் என்று யோசித்தேன். வெறும் பலகையைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டிருப்பீர்கள் போலிருக்கிறது. 18 மில்லி லேமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு சதுர மீட்டருக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டரை கிலோ வரும். உங்கள் லிஸ்ட்டில் மொத்தம் ஆறரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேல் பலகை, அதுவே 82 கிலோ. முதுகுப் பலகை 4, ஹார்டுவேர் 3. அட்டைப்பெட்டி, மூலைக்குத் தெர்மாகோல், நடுவே ஃபோம் தாள் எல்லாம் 7. ஆக 96 கிலோ. இது கணக்குத்தான், கட்டிய பெட்டியைத் தராசில் ஏற்றி வரும் எண்ணையே எழுத வேண்டும். மழைக்காலத்தில் பலகை கொஞ்சம் ஈரம் குடிக்கும், அதனால் கால் கிலோ, அரை கிலோ ஏறினால் பதற வேண்டாம்.

ஆனால் மொத்த எடையைவிடப் பெட்டி எடைதான் வாங்குபவருக்கு வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பியதாகப் படத்தில் தெரிகிறது. 96 கிலோப் பெட்டியைக் கொண்டுவரும் டெலிவரி பையன் கேட்டோரம் சாய்த்துவிட்டுப் போய்விடுவான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. லாஸ்பேட்டையில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருக்கும் ஓர் ஆசிரியை அதை என்ன செய்வார்? மூன்றாகப் பிரியுங்கள். சைடு பலகை இரண்டும் நடுப்பலகையும் ஒன்றில், அது 37 கிலோ வரும். கதவுகளும் முதுகும் ஒன்றில், 28.5. முதுகை ஏற்கெனவே இரண்டு துண்டாக்கி நடுவே பிளாஸ்டிக் பட்டை வைத்திருக்கிறீர்கள், அதனால் கதவுப் பெட்டியின் அகலத்தில் அடங்கிவிடும், நல்ல யோசனை. மிச்சப் பலகைகளும் ஹார்டுவேரும் மூன்றாவதில், 30.5. ஒரு ஆள் மாடி ஏற்றலாம் என்று நான் சொல்லத் துணியும் எல்லை 25 கிலோ. உங்கள் மூன்று பெட்டியும் அதைத் தாண்டுகின்றன, எனவே ‘ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பேர்’ என்று எழுதிவிடுங்கள். நீளப் பெட்டி 2080 மில்லி வரும், மாடிப்படி திருப்பத்தில் நிமிர்த்திக் கொண்டுபோகலாம், சின்ன லிஃப்ட்டில் நுழையாமல் போகலாம். அந்த எண்ணையும் போடுங்கள்.

கொரியர்காரர்கள் பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து ஒரு ‘அளவு எடை’ போடுவார்கள், அதிலும் நிஜ எடையிலும் எது பெரிதோ அதற்குப் பில் வரும். நாற்காலி அனுப்புகிறவர்கள் அதில்தான் அடிவாங்குகிறார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நீளப் பெட்டி 208, 55, 8 சென்டிமீட்டர் என்று வைத்தால் அளவு எடை 18 கிலோ சொச்சம்தான், நிஜ எடை 37. பலகையை நெருக்கி அடுக்கிய பெட்டி எப்போதும் தராசு எடையில்தான் போகும். ஆனால் வகுக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நீளத்துக்குத் தனிக் கட்டணம் போடுகிறவர்களும் உண்டு, கேட்டுவிட்டு ஒப்பந்தம் போடுங்கள். 75 என்று பதிந்துவிட்டு 96 அனுப்பினால் கிடங்கில் மறுபடி நிறுத்து வித்தியாசத்தை உங்கள் கணக்கில்தான் பிடிப்பார்கள். இரண்டு மாதக் கணக்கை எடுத்துப் பாருங்கள், பிடித்திருப்பார்கள்.

45 நிமிடம் என்ற வரிக்கு வருகிறேன். அதே வரியை ஒரு காலத்தில் நானே எழுதியிருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்தபோது முதல் முதலாக விவரம் எழுதச் சொன்னார்கள். எங்கள் ஃபிட்டரைக் கூப்பிட்டு ஒரு புத்தக அலமாரியை மாட்டச் சொல்லி, கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 40 நிமிடம். பெருந்தன்மையாக ஐந்து சேர்த்து 45 என்று எழுதினேன். அந்த மனிதர் அதே அலமாரியை நூறு முறை மாட்டியவர், குறிப்புத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில வாரத்தில் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். ‘தம்பி, சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன், இப்போ மணி பத்தரை, கூடம் பூரா பலகை, நான் எங்கே படுக்கறது?’ அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் ஃபிட்டரை அனுப்பி வைத்தோம்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறை இது. இந்தச் சரக்கைப் பார்த்தே இராத மூன்று பேரைப் பிடியுங்கள். அக்கவுன்ட்ஸ் பார்க்கும் பெண், எதிர்க் கடைக்காரர், மைத்துனர் யாராவது. சீல் வைத்த பெட்டியையும் குறிப்புத் தாளையும் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். பெட்டியைக் கிழிப்பதிலிருந்து கதவு நேராக நிற்பதுவரை நேரம் குறியுங்கள். பலகையை அடையாளம் காணவே அரை மணி போகும், அதையும் கணக்கில் சேருங்கள். மூன்று பேரில் அதிக நேரம் எடுத்தவரின் எண்ணை எழுதுங்கள். சராசரியை எழுதினால் பாதிப் பேருக்கு நீங்கள் பொய் சொன்னதாகிவிடும். உங்கள் வார்ட்ரோப்பைப் பார்த்தால், முதல்முறை மாட்டும் இருவருக்கு மூன்றிலிருந்து மூன்றரை மணி என்று என் மனக்கணக்கு. சோதித்துச் சரிபாருங்கள்.

எங்கே தேங்கி நிற்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள், நேரத்தைவிட அது பயன்படும். உங்கள் டிசைனில் இரண்டு இடம் இருக்கும் என்று நினைக்கிறேன். மினிஃபிக்ஸின் வட்டத் தலையில் ஓர் அம்புக்குறி உண்டு. போல்ட் வரும் ஓரத்தைப் பார்த்து அம்பு இருக்கும்படி அதைக் குழியில் போட்ட பிறகுதான் பலகைகளைச் சேர்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் போல்ட் உள்ளே இறங்காது. தெரியாதவர் சுத்தியலால் தட்டுவார், பலகை ஓரம் பிளக்கும். இரண்டாவது, கதவு. ஒவ்வொன்றும் 11 கிலோ, நான்கு ஆட்டோ ஹிஞ்ச். ஒருவர் தாங்கிப் பிடிக்க ஒருவர் மாட்டினால்தான் ஆகும். அதேபோல் கூட்டைத் தூக்கி நிறுத்தும்போது கதவும் உள்தட்டுகளும் இல்லாமலே 58 கிலோ இருக்கும். ஆகவே ‘ஒருவர் செய்யலாம்’ என்ற பேச்சே வேண்டாம். ‘இரண்டு பேர் வேண்டும், கூட்டை நிறுத்தும்போதும் கதவு மாட்டும்போதும் இருவரும் கட்டாயம்’ என்று எழுதுங்கள்.

தரை இடத்தையும் சொல்லுங்கள். கூடு குப்புறக் கிடக்க, சுற்றி ஆள் நடக்க, சுமார் 270-க்கு 180 சென்டிமீட்டர் வேண்டும். ஹாலில் மாட்டிவிட்டு அறைக்குத் தூக்கிப் போய்க்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பார்கள். மாட்டிய கூட்டைத் தூக்கித் திருப்பினால் மூட்டுகள் தளர்ந்து, பிறகு கதவு ஒன்றோடொன்று உரசும். வைக்கும் அறையிலேயே மாட்ட வேண்டும் என்பது விவரத்திலேயே இருக்கட்டும். பவர் டிரில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடைசிச் சுற்றுகளைக் கையால் முறுக்கச் சொல்லுங்கள். டிரில் வேகத்தில் ஹிஞ்ச் ஸ்க்ரூ பார்ட்டிகிள் போர்டைத் தூளாக்கிவிட்டுச் சும்மா சுற்றும்.

ஸ்க்ரூ குறைகிறது என்ற புகாரில் பாதி உண்மையான குறை கிடையாது. உங்கள் ஹார்டுவேர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹிஞ்சுக்கு 3.5-க்கு 16 மில்லி ஸ்க்ரூ, சுவர் பிராக்கெட்டைக் கூட்டில் பிடிக்க 4-க்கு 16 மில்லி ஸ்க்ரூ நான்கு, எல்லாம் ஒரே கவரில். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வாடிக்கையாளர் பிராக்கெட் ஸ்க்ரூவை ஹிஞ்சில் ஏற்றிவிடுகிறார், கடைசியில் பிராக்கெட்டுக்கு வந்தால் கையில் இருப்பது மெல்லியது, ஓட்டையில் ஆடுகிறது. ‘நாலு ஸ்க்ரூ மிஸ்ஸிங்.’ எண்ணிக்கை சரி, இடம் மாறிவிட்டது. முடிந்தால் இரண்டுக்கும் ஒரே ஸ்க்ரூ வைக்கும்படி ஓட்டையை மாற்றுங்கள், முடியாவிட்டால் தனிக் கவர். குறிப்புத் தாளில் ஸ்க்ரூவின் படத்தை நிஜ அளவில் அச்சடியுங்கள், மேலே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி.

நிஜமாகவே குறைவதைப் பிடிக்கக் கிராம் தராசு போதும். சரியாக எண்ணிய கவர் ஒன்றை நிறுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கவரையும் அதோடு ஒப்பிட்டால் ஒரு மினிஃபிக்ஸ் விடுபட்டாலும் முள் காட்டிக்கொடுக்கும். பலகைகளைக் கோக்கும் சின்ன மரக்குச்சியான டவலை மட்டும் அப்படிப் பிடிக்க முடியாது. ஒரு டவல் ஒரு கிராம் இருந்தால் அதிகம். எட்டு ஹிஞ்சின் எடையே கவருக்குக் கவர் அதைவிட அதிகமாக வேறுபடும், அதில் டவல் மறைந்துபோகும். எனவே டவலைத் தனிக் கவரில் எண்ணிப் போட்டு நன்றாக ஒட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் நம் கடலோரக் காற்றில் திறந்து கிடக்கும் டவல் ஊதிப்போய் 8 மில்லி ஓட்டையில் இறங்காது, அதுவும் உங்கள் தலையில்தான் புகாராக விடியும்.

‘எல்லா ஸ்க்ரூவும் உள்ளே’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் எண்ணிக்கை வரட்டும், அதைவிட முக்கியமாக உள்ளே இல்லாதது வரட்டும். இந்த உயரத்தில் கதவுகள் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் கனம் முன்னால் நகரும், குழந்தை தொங்கினால் கூடு விழுந்துவிடக்கூடும். சுவரோடு பிடித்தாக வேண்டும். அதற்கு டிரில் மெஷினும் 8 மில்லி சுவர் பிட்டும் வேண்டும், அவை பெட்டியில் கிடையாது. நீங்கள் தரும் ராவல் பிளக் செங்கல் சிமென்ட் சுவருக்கும் கான்கிரீட்டுக்கும் பிடிக்கும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர். ஓட்டை போட்டால் மாவாகக் கொட்டும், பிளக் கையோடு வரும். வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார். இதெல்லாம் வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டியது.

உங்கள் விவரத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘வெளியளவு: அகலம் 900, உயரம் 2030, கைப்பிடியோடு ஆழம் 553 மி.மீ. தூக்கி நிறுத்தக் குறைந்தது 2110 மி.மீ. உயரம் வேண்டும், லாஃப்ட் இருந்தால் அளந்து பாருங்கள். உள்ளே ஒவ்வொரு பக்கமும் 423 அகலம், 500 ஆழம். கம்பிக்குக் கீழே 1500. மூன்று பெட்டிகள்: 37, 28.5, 30.5 கிலோ, மிக நீளமானது 2080 மி.மீ. ஒவ்வொன்றையும் தூக்க இருவர் வேண்டும். பொருத்த இருவர், முதல்முறை என்றால் மூன்றரை மணி வரை. 270-க்கு 180 செ.மீ. தரை இடம். பெட்டியில் உள்ளவை: மினிஃபிக்ஸும் போல்ட்டும் 20 ஜோடி, டவல் 20, ஹிஞ்ச் 8, ஹிஞ்சுக்கும் கம்பிக்கும் ஸ்க்ரூ 36, தட்டு தாங்கும் பின் 12, கைப்பிடி 2, அவற்றுக்கு ஸ்க்ரூ 4, முதுகுக்குச் சிறு ஆணி 54, சுவர் பிராக்கெட் 2 பிளக்குடன், அவற்றைக் கூட்டில் பிடிக்க ஸ்க்ரூ 4, சின்னச் சாமான் ஒவ்வொன்றிலும் இரண்டு உபரி. நீங்கள் வைத்திருக்க வேண்டியவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், டேப், சுவருக்கு டிரில்லும் 8 மி.மீ. பிட்டும். பிளக் பழைய சுண்ணாம்புச் சுவருக்கு ஏற்றதல்ல.’

எண்களை உங்கள் தராசும் டேப்பும் சொல்கிறபடி திருத்திக்கொள்ளுங்கள், நான் காகிதத்தில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று, இது நீங்கள் கேட்காதது. அடுத்த லாட்டில் சைடு பலகையை 2030-க்குப் பதில் 1980-ஆக வெட்டிப் பாருங்கள். கர்ணம் 2043-க்கு இறங்கிவிடும், 2070 லாஃப்ட்டின் கீழேயே தூக்கி நிறுத்தலாம். கதவும் முதுகும் 50 மில்லி குறையும், மேல் பலகைக்குத் துளை போட வழிகாட்டும் ஜிக்கை இறக்க வேண்டும். மேல்தட்டு 336-லிருந்து 286 ஆகும், சூட்கேஸ் அப்போதும் படுக்கும். நீங்கள் எழுதிவைத்த 6.5 அடியும் ஒரு மில்லி குறைய உண்மையாகிவிடும்.